யார் சொல்லக் கேட்டீர்? நபிமொழிகளைத் தரம் பிரித்த முறை

"சீனா சென்றேனும் சீர்கல்வி தேடு" என்ற வாசகம் தமிழ் மேடைகளில் அடிக்கடி கேட்பது. பள்ளி ஆண்டு விழா, பரிசளிப்பு விழா, மீலாது விழா, கல்லூரித் திறப்பு விழா என்று எந்தக் கூட்டமானாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சொல்லும்போது கூடவே "நபிகள் நாயகம் சொன்னார்" என்றும் சேர்த்துக்கொள்வார். நம் தங்கவயலில் ஆசிரியர் வேலை பார்த்த காலத்தில் நானும் இந்த வாசகத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டதுண்டு. நல்ல கருத்து, நல்ல எதுகை. அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

ராபர்ட்சன்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு ஹஜ்ரத் இருக்கிறார். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவில் ஓதியவர். ஒருநாள் பேச்சுவாக்கில் இந்த வாசகத்தைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "கருத்து நல்ல கருத்துதான் சார். ஆனா நபி சொன்னாங்கன்னு சொல்ல முடியாது. அதைக் கொண்டுவந்த ஆள் சரியில்லை" என்றார். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாசகத்தைக் கொண்டுவந்த ஆள் சரியில்லை என்று இன்றைக்கு ஒருவர் எப்படிச் சொல்கிறார்? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்வியைப் பற்றி நபிகள் நாயகம் சொன்னதாக வழங்கும் மூன்று வாசகங்களை எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. தரம் மட்டும் மூன்றுக்கும் வேறு வேறு.

சொல்லும் சங்கிலியும்

ஹதீஸ் என்றால் நபிகள் நாயகத்தின் சொல், செயல், அவர் அனுமதித்தது ஆகியவற்றைப் பற்றிய செய்தி. தமிழில் நபிமொழி என்கிறோம். ஒவ்வொரு ஹதீஸுக்கும் இரண்டு பாகம் உண்டு. ஒன்று, செய்தி. அதற்கு மத்ன் என்று பெயர். இன்னொன்று, அந்தச் செய்தி யார் யார் வாய்வழியாக வந்தது என்ற பெயர் வரிசை. அதற்கு இஸ்னாத் அல்லது ஸனது என்று பெயர். தமிழ் நூல்களில் அறிவிப்பாளர் தொடர் என்று எழுதுகிறார்கள். "எனக்கு இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார், அவர் நபித்தோழர் இன்னாரிடம் கேட்டார்" என்று அது போகும்.

நம் ஊர் உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்து இங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதைப் பற்றி ஒருவர் நம்மிடம் ஒரு சம்பவம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "உமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறோம். "என் மாமா சொன்னார், அவருக்கு அவர் அப்பா சொன்னார், அவர் அந்தக் கூட்டத்தில் நின்றவர்" என்கிறார். இது ஒரு சங்கிலி. இன்னொருவர், "நானே பார்த்தேன்" என்கிறார். பிறந்த வருஷம் கேட்டால் 1940 என்கிறார். அவருடைய செய்தியை என்ன செய்வது என்று நமக்கே தெரியும். மூன்றாமவர், "ஊரே சொல்லுதே" என்கிறார். அது சங்கிலியே இல்லாத செய்தி. ஹதீஸ் அறிஞர்கள் செய்ததும் அடிப்படையில் இந்த விசாரணைதான். அதை ஆயிரக்கணக்கான ஆட்களைப் பற்றி, நூற்றாண்டுக் கணக்கில், எழுத்தில் பதிவு செய்து நடத்தினார்கள்.

இது எப்போது ஆரம்பித்தது என்பதற்குப் பஸ்ராவில் வாழ்ந்த இப்னு ஸீரீன் (மறைவு கி.பி. 729) சொன்ன ஒரு குறிப்பு இருக்கிறது. ஆரம்பத்தில் யாரும் சங்கிலியைக் கேட்கவில்லை. முஸ்லிம்களுக்குள் உள்நாட்டுக் கலகம் மூண்ட பிறகுதான் "உங்களுக்குச் சொன்ன ஆட்களின் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்க ஆரம்பித்தோம் என்கிறார் அவர். கலகம் என்று வந்துவிட்டால் ஒவ்வொரு கட்சியும் தனக்குச் சாதகமான வாசகத்தை நபியின் பெயரில் உலவவிடும். அதைத் தடுக்கத்தான் பெயர் கேட்டார்கள். இந்த இப்னு ஸீரீன் நம் இரண்டாவது வாசகத்தின் சங்கிலியிலேயே வருகிறார். அங்கே மறுபடியும் பார்ப்போம்.

ஆளை எடை போடுவது எப்படி?

ஒரு சங்கிலி கையில் கிடைத்ததும் அறிஞர் கேட்கும் கேள்விகள் மூன்று. ஒவ்வொரு ஆளும் தனக்கு முந்தைய ஆளை உண்மையில் சந்தித்துக் கேட்டாரா? அவர் நேர்மையானவரா? கேட்டதைக் கேட்டபடி நினைவில் வைத்தோ எழுதி வைத்தோ திருப்பிச் சொல்லக்கூடியவரா?

முதல் கேள்விக்கு ஆண்டுக் கணக்கு உதவியது. ஷாம் நாட்டு ஹிம்ஸ் நகரத்துக்கு உமர் பின் மூஸா என்பவர் வந்து, காலித் பின் மஅதான் என்ற பெரியவரிடம் கேட்டதாக ஹதீஸ்கள் சொல்ல ஆரம்பித்தார். உஃபைர் என்ற உள்ளூர் அறிஞர் எழுந்து, "எந்த வருஷம் அவரைச் சந்தித்தீர்?" என்று கேட்டார். "ஹிஜ்ரி 108" என்றார் வந்தவர். "எங்கே?" என்றதற்கு, "அர்மீனியாப் போரில்" என்றார். உஃபைர் விடவில்லை. காலித் இறந்தது ஹிஜ்ரி 104இல். அப்படியானால் இறந்து நான்கு வருஷம் கழித்துச் சந்தித்தீரா, அதுவும் அவர் போகாத அர்மீனியாவில், என்று மடக்கினார். பொய்யைப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. இதற்காகவே அறிவிப்பாளர் ஒவ்வொருவரும் எங்கே பிறந்தார், எந்தெந்த ஊருக்குப் போனார், யாரிடம் கேட்டார், எப்போது இறந்தார் என்று பெரிய பெரிய தொகுதிகளாக எழுதி வைத்தார்கள்.

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. நல்ல மனுஷர், பொய்யே பேசாதவர், ஆனால் ஞாபகம் தப்புகிறவர் என்றால் என்ன செய்வது? செத்துப்போனவரின் ஞாபக சக்தியை எப்படி அளப்பது? இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி ஒப்பிட்டுப் பார்ப்பது. பாக்தாதில் வாழ்ந்த யஹ்யா பின் மஈன் (மறைவு கி.பி. 848) ஒரு காரியம் செய்தார். ஹம்மாத் பின் ஸலமா என்ற பஸ்ரா ஆசிரியர் சொன்ன ஹதீஸ்களை, அவருடைய மாணவர் ஒருவரிடம் முழுவதும் கேட்டார். பிறகு இன்னொரு மாணவரிடம் அதையே கேட்டார். இப்படிப் பதினேழு பேரிடம் கேட்டுவிட்டுப் பதினெட்டாவது ஆளிடம் போய் நின்றார். அந்த மாணவருக்கு ஆச்சரியம். பதினேழு பேரிடம் கேட்டது போதாதா?

யஹ்யா சொன்ன விளக்கம் இது. ஹம்மாத் சில இடங்களில் தவறு செய்திருக்கிறார். அவருடைய மாணவர்களும் தங்கள் பங்குக்குத் தவறு செய்திருக்கிறார்கள். எல்லா மாணவர்களும் ஒன்றுபோல ஒரு தவறைச் சொன்னால் அது ஹம்மாதின் தவறு. எல்லோரும் ஒன்று சொல்ல, ஒருவர் மட்டும் வேறு சொன்னால் அது அந்த ஒருவரின் தவறு. இந்தக் கணக்கு தெரிந்தால்தான் தவறை உரியவர் தலையில் வைக்க முடியும். வகுப்பில் நாற்பது பேர் எழுதிய சொல்வதெழுதுதல் நோட்டுகளைத் திருத்திய எவருக்கும் இது உடனே புரியும். நாற்பது நோட்டிலும் ஒரே பிழை இருந்தால் வாத்தியார்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிப் பார்த்த பிறகு ஒரு ஆளுக்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள். ஸிகா என்றால் முழு நம்பகமானவர். ஸதூக் என்றால் உண்மையாளர், ஆனால் நினைவுத் துல்லியம் ஒரு படி குறைவு. ளயீஃப் என்றால் பலவீனமானவர். மத்ரூக் என்றால் கைவிடப்பட்டவர். கடைசிப் படியில் பொய்யர். ஆட்களின் தரத்தையும் சங்கிலியின் தரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஹதீஸின் தரம் வரும். சங்கிலி அறுபடாமல், ஆட்கள் எல்லோரும் உயர்தரமாக, தங்களைவிட நம்பகமானவர்களுக்கு முரண்படாமல், மறைந்த குறை எதுவும் இல்லாமல் இருந்தால் ஸஹீஹ், அதாவது ஆதாரப்பூர்வமானது. மற்றதெல்லாம் சரியாக இருந்து ஆளின் துல்லியம் மட்டும் ஒரு படி குறைந்தால் ஹஸன், அதாவது நல்லது. நிபந்தனை எதுவாவது நிறைவேறாவிட்டால் ளயீஃப், அதாவது பலவீனமானது. இட்டுக்கட்டியது என்று தெரிந்தால் அதற்குப் பெயர் மவ்ளூஃ.

முதல் வாசகம்: ஸஹீஹ்

கல்வியைத் தேடி ஒருவர் ஒரு வழியில் நடந்தால், இறைவன் அவருக்குச் சொர்க்கம் போகும் வழியை எளிதாக்குகிறான் என்ற பொருளில் ஒரு நபிமொழி உண்டு. கி.பி. 875இல் மறைந்த நைஸாபூர் இமாம் முஸ்லிம் தம் ஸஹீஹ் தொகுப்பில் இதைச் சேர்த்திருக்கிறார். அவர் தரும் சங்கிலிகளில் ஒன்றைக் கீழிருந்து மேலாகப் பார்ப்போம். நபிகளிடமிருந்து தோழர் அபூஹுரைரா, அவரிடமிருந்து அபூ ஸாலிஹ், அவரிடமிருந்து அஃமஷ், அவரிடமிருந்து அபூ முஆவியா, அவரிடமிருந்து அபூபக்ர் பின் அபீ ஷைபா, அவரிடமிருந்து முஸ்லிம்.

இந்த வரிசையில் ஒவ்வொரு கண்ணியும் பொருந்துகிறது. அபூஹுரைராவும் அபூ ஸாலிஹும் மதீனாவாசிகள். அபூ ஸாலிஹ் எண்ணெய், நெய் வியாபாரி. சரக்கோடு கூஃபா நகரத்துக்குப் போய்வருவார். அஃமஷ் கூஃபாக்காரர். ஆகவே மதீனாச் செய்தி கூஃபாவுக்கு வந்த வழி தெரிகிறது. அபூ முஆவியா சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். அஃமஷிடம் நெடுங்காலம் பாடம் கேட்டவர். அஃமஷின் செய்திகளில் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனாலும் இந்த இடத்திலும் அறிஞர்கள் சும்மா விடவில்லை. அஃமஷ் பெரிய மனிதர்தான். ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சில சமயம் நடுவில் இருந்த ஆளின் பெயரை விட்டுவிட்டு, மேலே உள்ள பெரியவரின் பெயரைச் சொல்லிவிடுவார். பொய் சொல்ல மாட்டார். "இன்னார் எங்களுக்குச் சொன்னார்" என்பதற்குப் பதிலாக "இன்னாரிடமிருந்து" என்று பொதுவாகச் சொல்வார். இதற்குத் தத்லீஸ் என்று பெயர். அரபியில் முன்னது "ஹத்தஸனா", பின்னது "அன்". ஒரு சின்ன இடைச்சொல்தான். ஆனால் அந்த "அன்" என்ற இடத்தில் ஒரு ஆள் ஒளிந்திருக்கக்கூடும்.

சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. இதே நீண்ட ஹதீஸை அஸ்பாத் என்ற மாணவர் அறிவிக்கும்போது, "அபூ ஸாலிஹிடமிருந்து எனக்குச் சொல்லப்பட்டது" என்று அஃமஷ் சொன்னதாகச் சொல்கிறார். அப்படியானால் சொன்னது யார்? இதைத் திர்மிதி தம் தொகுப்பில் குறித்து வைத்திருக்கிறார். முஸ்லிமோ, அபூ உஸாமா என்ற இன்னொரு மாணவரின் வழியையும் சேர்த்துத் தருகிறார். அந்த வழியில் அஃமஷ் "அபூ ஸாலிஹ் எங்களுக்குச் சொன்னார்" என்று நேரடியாகவே சொல்கிறார். முஸ்லிம் இந்தச் சொல் வேறுபாட்டைத் தம் நூலில் குறிப்பிட்டே எழுதுகிறார். நமக்கு அது வெறும் பெயர் அடுக்கு மாதிரி தெரியும். விஷயம் தெரிந்தவர்களுக்கு அங்கேதான் உயிர் இருக்கிறது. ஒரு கல்வி வாசகத்தை முஸ்லிம் ஸஹீஹ் நூலில் வைத்தார். கல்வித் தேட்டம் பற்றிய அந்தப் பகுதிக்குத் திர்மிதி கொடுத்த தரம் ஹஸன். ஒரே செய்தியைப் பற்றிப் பெரியவர்களுக்குள் ஒரு படி வித்தியாசம் வரலாம் என்பதற்கும் இதுவே உதாரணம்.

இரண்டாவது வாசகம்: பலவீனத்திலிருந்து ஹஸனுக்கு

கல்வியைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்பது இரண்டாவது வாசகம். இப்னு மாஜாவின் தொகுப்பில் இது இருக்கிறது. சங்கிலி இப்படி: தோழர் அனஸ் பின் மாலிக், அவரிடமிருந்து நாம் முன்பு பார்த்த இப்னு ஸீரீன், அவரிடமிருந்து கஸீர் பின் ஷின்ளீர், அவரிடமிருந்து ஹஃப்ஸ் பின் ஸுலைமான். அனஸ், இப்னு ஸீரீன் இருவரைப் பற்றியும் பிரச்சினை இல்லை. கஸீர் உண்மையாளர், கொஞ்சம் தவறு செய்கிறவர். சிக்கல் ஹஃப்ஸிடம்.

இந்த ஹஃப்ஸ் யார் என்று தெரிந்தால் அசந்துபோவீர்கள். உலகத்தில் மிகப் பெரும்பாலான முஸ்லிம்கள் இன்று குர்ஆன் ஓதும் முறை, ஆஸிம் என்ற ஆசிரியரிடமிருந்து ஹஃப்ஸ் கற்றுக் கொடுத்த முறை. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ஓதுவதும் அதுதான். அப்பேர்ப்பட்ட மனிதரை ஹதீஸில் மட்டும் மத்ரூக், கைவிடப்பட்டவர், என்று எழுதிவிட்டார்கள். புகாரியும் அறிஞர்கள் அவரை விட்டுவிட்டார்கள் என்கிறார். ஷுஃபா என்ற அறிஞரின் புகார் ஒன்றும் பதிவாகியிருக்கிறது: ஹஃப்ஸ் என்னிடம் ஒரு புத்தகம் வாங்கிப் போனார், திருப்பித் தரவே இல்லை, மற்றவர்களின் புத்தகங்களையும் வாங்கிப் படியெடுத்துக்கொள்வார் என்று. வாயால் சொல்லிக் காதால் கேட்டு வாங்க வேண்டிய துறையில், ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு "கேட்டேன்" என்பது பெரிய குறை.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது, கவனியுங்கள். மார்க்கத்தில் பெரியவர் என்பதற்காக ஹதீஸில் சலுகை தரவில்லை. ஹதீஸில் பலவீனமானவர் என்பதற்காக அவருடைய குர்ஆன் ஓதலையும் தள்ளவில்லை. வாழ்நாள் முழுவதும் ஒரே நூலில் மூழ்கியவருக்கு அந்த நூலில் துல்லியம் இருக்கும். ஆயிரக்கணக்கான சின்னச் செய்திகளில் அது இல்லாமல் போகலாம். எந்த வேலையில் கைதேர்ந்தவரோ அந்த வேலைக்கு மட்டும் சான்றிதழ்.

ஆகவே இப்னு மாஜாவின் இந்தச் சங்கிலி தனியாகப் பார்த்தால் மிகவும் பலவீனம். ஆனால் கல்வி கடமை என்ற வாக்கியம் இந்த ஒரு வழியில் மட்டும் வரவில்லை. அனஸிடமிருந்து வேறு பல வழிகளிலும், வேறு தோழர்கள் வழியாகவும் வருகிறது. அவற்றிலும் ஒவ்வொன்றிலும் குறை உண்டு. இங்கேதான் இன்னொரு விதி வேலை செய்கிறது. குறை ஞாபக மறதி போன்ற லேசான குறையாக இருந்து, ஒருவரையொருவர் பார்த்துச் சொல்லாத பல பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால், ஒருவரின் பலவீனத்தை மற்றவர் ஈடு செய்கிறார். ஞாபக மறதிக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மறக்க மாட்டார்கள் அல்லவா?

இதை வைத்து மிஸ்ஸீ (மறைவு கி.பி. 1341) என்ற டமாஸ்கஸ் அறிஞர், பல வழிகளும் சேர்ந்து இது ஹஸன் தரத்தை அடைகிறது என்றார். கெய்ரோவில் ஸுயூத்தி (மறைவு கி.பி. 1505) ஐம்பது வழிகளைத் திரட்டி, துணைச் சங்கிலிகளால் இது ஸஹீஹ் ஆகிறது என்றே சொன்னார். அவர்களுக்கு முன்னால் அஹ்மத் பின் ஹன்பலோ, இந்த விஷயத்தில் எதுவும் உறுதியாகவில்லை என்ற கருத்தில் இருந்தார். இன்றைக்கும் இரண்டு தரப்பும் உண்டு.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மேடைகளில் "ஆண், பெண் இருபாலார் மீதும் கடமை" என்று சேர்த்துச் சொல்கிறோம். அரபியிலும் "முஸ்லிமான பெண் மீதும்" என்ற சொல்லைச் சிலர் சேர்ப்பதுண்டு. ஸுயூத்தியின் காலத்தவரான ஸகாவீ, இந்தக் கூடுதல் சொல் எந்தச் சங்கிலியிலும் இல்லை என்று எழுதினார். அதே மூச்சில், பொருள் சரிதான் என்றும் எழுதினார். "ஒவ்வொரு முஸ்லிமும்" என்றால் பெண்ணும் அடக்கம்தானே. கருத்து சரி என்பது வேறு, அந்தச் சொல்லை நபி சொன்னார் என்பது வேறு. இந்த இரண்டையும் கலக்காமல் வைத்திருப்பதில்தான் இந்தத் துறையின் கறார் தெரிகிறது.

மூன்றாவது வாசகம்: சீனாவுக்குப் போன கதை

இப்போது நம்முடைய சீனா வாசகத்துக்கு வருவோம். இதன் பிரபலமான சங்கிலி மிகவும் குட்டி. அனஸ், அவரிடமிருந்து அபூ ஆதிகா, அவரிடமிருந்து ஹஸன் பின் அதிய்யா. (இங்கே ஹஸன் என்பது ஆளின் பெயர், தரத்தின் பெயர் அல்ல.) நடுவில் நிற்கும் அபூ ஆதிகாவைப் பார்த்ததும் ஹதீஸ் அறிஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். புகாரி அவரை "முன்கருல் ஹதீஸ்" என்கிறார். ஏற்க முடியாத செய்திகளைச் சொல்கிறவர் என்று பொருள். புகாரி கடுஞ்சொல் பேசாதவர். அவர் வாயிலிருந்து இந்தச் சொல் வந்தால் அந்த ஆளிடம் ஹதீஸ் எடுக்கவே கூடாது என்று அர்த்தம். நஸாயீ அவரை நம்பகமற்றவர் என்கிறார். அபூ ஹாதிம் அதைவிடக் கடுமையாக, அவருடைய ஹதீஸ் ஒழிந்தது என்கிறார்.

அபூ ஆதிகாவின் பெயர் மட்டுமே சந்தேகத்துக்குக் காரணம் அல்ல. இதை வேறு வழியிலும் யோசிக்கலாம். அனஸ் பஸ்ராவில் நீண்ட காலம் வாழ்ந்தவர். ஸாபித், கத்தாதா போன்ற பெரிய மாணவர்கள் அவரிடம் வருஷக்கணக்காகக் கேட்டார்கள். இவ்வளவு கவர்ச்சியான ஒரு வாசகத்தை அனஸ் சொல்லியிருந்தால், அவர்கள் வழியாக அது நம்பகமாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். அவர்களை விட்டுவிட்டு யாருக்கும் சரியாகத் தெரியாத ஒருவர் காதில் மட்டும் விழுந்தது எப்படி? ஒரு பலவீனமான ஆள் தனியாக ஒரு பெரிய செய்தியைக் கொண்டுவந்தால் சந்தேகம் இரட்டிப்பாகிவிடும்.

சரி, இரண்டாவது வாசகத்தைப் போல வேறு வழிகள் இதைத் தூக்கி நிறுத்தக்கூடாதா என்று கேட்கலாம். வேறு வழிகள் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றில் ஒன்றில் யஃகூப் அல் அஸ்கலானீ வருகிறார். தஹபீ அவரைப் பொய்யர் என்கிறார். இன்னொன்றில் ஜுவைபாரீ வருகிறார். ஹதீஸ் இட்டுக்கட்டுவதில் பேர்போனவர். மறதிக்காரர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கலாம். பொய்யர்கள் நிற்க முடியாது. ஏனென்றால் ஒரு பொய்யர் இன்னொருவர் சொன்னதைத் திருடித் தம் சங்கிலியில் ஒட்டிவிடுவார். அப்படிப் பத்து வழி வந்தாலும் எண்ணிக்கை கூடுமே தவிர எடை கூடாது.

ஆகவே பைஹகீ (மறைவு கி.பி. 1066) இந்த வாசகம் பிரபலம், சங்கிலி பலவீனம் என்று எழுதினார். இப்னுல் ஜவ்ஸீ (மறைவு கி.பி. 1201) இன்னும் ஒரு படி போய், இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களின் தொகுப்பிலேயே இதைச் சேர்த்துவிட்டார், அடிப்படையே இல்லாதது என்று இப்னு ஹிப்பான் சொன்னதையும் அங்கே எடுத்துக்காட்டினார். பலவீனம் என்பவருக்கும் பொய் என்பவருக்கும் நடுவில் விவாதம் உண்டு. ஸஹீஹ் என்று தேர்ந்த ஹதீஸ் விமர்சகர் யாரும் சொல்லவில்லை.

சிலர் இன்னொரு வாதம் சொல்வார்கள்: பாலைவன அரபிக்குச் சீனா எப்படித் தெரியும், அதனால் இது பொய் என்று. அது சரியான வாதம் இல்லை. அரபுக் கடற்கரையில் கிழக்கத்தியச் சரக்குகள் பழக்கமானவைதான். விமர்சகர்கள் இதைத் தள்ளியது சீனா என்ற சொல்லுக்காக அல்ல. கொண்டுவந்த ஆளுக்காகத்தான்.

உரைகல் யார் கையில்?

இதெல்லாம் அவரவர் மனம்போன தீர்ப்பு இல்லையா என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் கேட்டுவிட்டார். ரய் நகரத்தில், அதாவது இன்றைய தெஹ்ரானுக்குப் பக்கத்தில், அபூ ஹாதிமிடம் ஒருவர் சில ஹதீஸ்களைக் காட்டினார். இது பிழை, இது இட்டுக்கட்டியது, இது சரி என்று அவர் பிரித்துச் சொன்னார். வந்தவருக்கு நம்பிக்கை வரவில்லை. "இது பொய் என்று உமக்குச் சொன்னது யார்?" என்றார். அபூ ஹாதிம், "நான் சொன்னதை வைத்துக்கொண்டு, அபூ ஸுர்ஆவிடம் போய்த் தனியாகக் கேளும்" என்று அனுப்பினார். அவரும் அதே ஹதீஸ்களுக்கு அதே தீர்ப்பைச் சொன்னார். அபூ ஹாதிம் இதைக் காசு சோதிப்பவரோடு ஒப்பிட்டார். ஒரு தீனாரைக் கையில் வாங்கியதும் இது போலி என்கிறார். அது அச்சடித்தபோது அவர் பக்கத்தில் இருந்தாரா? இல்லை. ஆனால் சோதிக்கிற அறிவு அவரிடம் இருக்கிறது. இன்னொரு நாணயக்காரரிடம் கொண்டுபோனாலும் அதையே சொல்வார்.

தங்கவயல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பளபளக்கும் கல்லெல்லாம் தங்கம் இல்லை, மங்கலான கல்லில் தங்கம் இருக்கலாம் என்பது நம் பாட்டன் காலத்திலிருந்து நமக்குத் தெரியும். கல்லை இடித்து, ஈயத்தோடு உருக்கி, எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் ஈயத்தைப் போக்கி, மிஞ்சிய மணியை நிறுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அந்தச் சோதனைக்கும் ஹதீஸ் சோதனைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தராசு ஒரே எண்ணைத்தான் காட்டும். ஹதீஸில் ஆளை எடைபோடுவதும் ஆள்தான். அதனால் நல்ல அறிஞர்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் நம்பகம் என்றும் இன்னொருவர் பலவீனம் என்றும் சொன்ன இடங்கள் நிறைய. இன்னொரு வரம்பும் உண்டு. ளயீஃப் என்றால் நபி சொல்லவே இல்லை என்று நிரூபித்ததாகாது. சொன்னார் என்று நிரூபிக்க முடியவில்லை என்றுதான் பொருள். மறதிக்காரரும் சில நேரம் சரியாகச் சொல்வார். அதேபோல ஸஹீஹ் என்பதும் மனிதர் கைக்கு எட்டிய அளவில் உறுதி என்பதுதான்.

இவ்வளவு கறாருக்குக் காரணம், ஒரு வாசகத்தின் மேல் நபியின் பெயர் ஒட்டினால் அது சட்டமாகிவிடும் என்பது. வாரிசுப் பங்கீடும், திருமணமும், நோன்பும் இந்த வாசகங்களை வைத்துத்தான் முடிவாகின்றன. தம் பெயரில் வேண்டுமென்றே பொய் சொல்பவர் நரகத்தில் இடம் பிடித்துக்கொள்ளட்டும் என்று நபிகள் எச்சரித்ததாக ஏராளமான தோழர்கள் அறிவிக்கிறார்கள். ஆகவே பெயரைப் போடுவதற்கு முன்னால் ஆயிரம் முறை யோசித்தார்கள்.

இனி நடைமுறை. நம் பிள்ளைகள் மேடையில் பேசும்போது சீனா வாசகத்தைத் தாராளமாகச் சொல்லலாம்; தமிழில் அது ஒரு பழமொழி போல ஆகிவிட்டது. நபிகள் நாயகம் சொன்னார் என்று மட்டும் சேர்க்க வேண்டாம். நபிமொழியே வேண்டும் என்றால், கல்வி தேடி நடப்பவருக்குச் சொர்க்க வழி எளிதாகும் என்ற முதல் வாசகம் இருக்கிறது. அதைப் பெயரோடு சொல்லலாம். கல்வி கடமை என்பதைச் சொன்னால், பல வழிகளால் ஹஸன் என்று அறிஞர்கள் பலர் ஏற்றது என்று தெரிந்து சொல்லலாம். எந்தத் தமிழ் நூலிலாவது ஒரு நபிமொழி கண்ணில் பட்டால், கீழே எந்தத் தொகுப்பு, யார் அறிவித்தது, என்ன தரம் என்று போட்டிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். ஒன்றும் போடாமல் வெறும் "நபிமொழி" என்று மட்டும் இருந்தால், இப்னு ஸீரீன் கேட்ட கேள்வியை நீங்களும் கேட்கலாம்: யார் சொல்லக் கேட்டீர்?